சின்னச் சக்கரமும் பின்சீட்டு நண்பரும்
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நம் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பைக்குகளைவிட ஸ்கூட்டர்களில்தான் ஜோடியாக வந்து இறங்குகிறார்கள். அப்பாவின் வண்டி, அக்காவின் வண்டி, மாமா வைத்திருந்து கைமாறிய வண்டி என்று ஏதோ ஒன்று. பெட்ரோல் செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டு பதினைந்து, இருபது கிலோமீட்டர் வருகிறோம். ஆனால், "பின்னாடி காத்து எவ்வளவுடா வச்சிருக்க?" என்று கேட்டால், "பங்க்ல புடிச்சேன், அவங்களே பார்த்து வச்சாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

பங்க்கில் காற்று அடிக்கிற தம்பிக்கு நீங்கள் எத்தனை பேர் போகப் போகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? ஸ்கூட்டரைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பைக்கைவிட ஸ்கூட்டரில் இது ஏன் முக்கியம், காற்றுக் குறைவுக்கும் ரப்பர் கிழடாவதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

சக்கரம் ஏன் சின்னது?

1946-ல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவை வெளியிட்டபோது அதற்கு எட்டு அங்குலச் சக்கரம்தான். வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். கால் வைக்கத் தட்டையான தளம் வேண்டும், சேலையோ கவுனோ உடுத்தியவரும் ஏறி உட்கார வேண்டும், பஞ்சர் ஆனால் கார் சக்கரம் போலக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் சக்கரம் சின்னதாகத்தான் இருக்க முடியும். பிறகு அது பத்து அங்குலம் ஆனது. நம் ஊரில் ஓடிய பஜாஜ் சேத்தக், எல்.எம்.எல். வெஸ்பா எல்லாம் பத்து அங்குலம். 2020-ல் வந்த ஆக்டிவா 6ஜி-யில் முன் சக்கரம் பன்னிரண்டு அங்குலமாக வளர்ந்தது. பின் சக்கரமோ பத்து அங்குலத்திலேயே நின்றுவிட்டது. பாரம் முழுக்க ஏறுகிற சக்கரம்தான் இன்னும் சின்னதாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

90/100-10 என்று டயரின் பக்கத்தில் எழுதியிருக்குமே, அதை வைத்து நாமே கணக்குப் போடலாம். ரிம் பத்து அங்குலம், அதாவது 25.4 செ.மீ. டயரின் அகலம் 90 மி.மீ., உயரம் அந்த அகலத்தில் நூறு சதவீதம், அதாவது அதுவும் 90 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 43.4 செ.மீ. சுற்றளவு சுமார் 1.36 மீட்டர். ஆக ஒரு கிலோமீட்டர் போவதற்குள் இந்தச் சக்கரம் ஏறத்தாழ 735 தடவை சுற்றுகிறது. பதினெட்டு அங்குல பைக் சக்கரம் அதே தூரத்துக்குச் சுமார் 520 சுற்றுதான் சுற்றும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் டயரின் ஒவ்வொரு இடமும் ஒருமுறை தரைக்கு வந்து, நசுங்கி, மடங்கி, மறுபடி நிமிர்கிறது. மடங்கி நிமிரும்போதெல்லாம் ரப்பருக்குள் கொஞ்சம் சூடு பிறக்கிறது. சின்னச் சக்கரம் அதிக தடவை மடங்குகிறது. அதோடு அதன் வயிற்றில் இருக்கும் காற்றும் குறைவு; அதனால் வால்வில் மெல்லிய கசிவு இருந்தாலும் பைக் டயரைவிட வேகமாக அழுத்தம் இறங்கிவிடும். "போன மாசம்தானே புடிச்சேன்" என்கிற பேச்சு ஸ்கூட்டருக்குச் செல்லாது.

எடை எங்கே போய் விழுகிறது?

இதை நான் வாயால் சொல்வதைவிடத் தராசு சொன்னால் நம்புவீர்கள். நானும் என் வகுப்புத் தோழனும் எங்கள் தெருப் பழைய இரும்புக் கடையில் இருக்கும் பிளாட்பாரத் தராசில் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தை ஏற்றினோம். தராசின் உயரத்துக்குச் சமமாக முன் சக்கரத்துக்கு அடியில் பலகை அடுக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வண்டி சாய்ந்து, எடை ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஒருவர் பக்கத்தில் நின்று விரலால் பட்டும் படாமலும் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, கடைக்கார அண்ணன் முள்ளைப் பார்த்துச் சொன்னார்.

வண்டி மட்டும் 108 கிலோ. அதில் பின் சக்கரத்தில் 62, முன்னால் 46. நான் (60 கிலோ) ஏறி உட்கார்ந்ததும் பின்னால் 104 ஆனது, முன்னால் 64. தோழன் (65 கிலோ) பின்சீட்டில் ஏறினான். பின்னால் 164! முன்னால் வெறும் 69.

அதாவது அவனுடைய 65 கிலோவில் 60 கிலோ பின் சக்கரத்துக்கே போய்விட்டது. முன் சக்கரத்துக்குப் போனது ஐந்தே கிலோ. முதலாண்டில் திருப்புத்திறன் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 124 செ.மீ. தூரம். பின்சீட்டுக்காரர் பின் அச்சிலிருந்து பத்து செ.மீ. கூட முன்னால் இல்லை, கிட்டத்தட்ட அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் எடை வேறெங்கே போகும்?

இப்போது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ கையேட்டையோ எடுத்துப் பாருங்கள். ஆக்டிவாவுக்கு முன்னால் 22, பின்னால் தனி ஆளுக்கு 29, பின்சீட்டில் ஆள் இருந்தால் 36 பி.எஸ்.ஐ. (பேச்சு வழக்கில் இதையே பவுண்டு என்கிறோம்). வெஸ்பா வகைப் பழைய கியர் வண்டிகளில் முன்னால் 18, பின்னால் 25, ஆள் ஏறினால் 36. இரண்டிலும் முன் சக்கரத்தின் எண் மாறவே இல்லை, பின் சக்கரத்தின் எண் மட்டும் தாவுகிறது. தராசு சொன்னதும் இதையேதான். உங்கள் வண்டி வேறு மாடல் என்றால் இந்த எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வண்டியின் ஸ்டிக்கர் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். டயர் தரையில் பதிகிற பரப்பு என்பது, மேலோட்டமாகச் சொன்னால், எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது துல்லியமில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ. எனவே 29 என்பது 2.04 கிலோ, 36 என்பது 2.53 கிலோ.

தனியாகப் போகும்போது 104 ÷ 2.04 = 51 சதுர செ.மீ. இருவர் போகும்போது 36 வைத்திருந்தால் 164 ÷ 2.53 = 65. தனி ஆள் காற்றான 29-லேயே இருவரும் ஏறினால் 80. காற்று கவனிக்காமல் இறங்கி 20-க்கு வந்திருந்தால் (1.41 கிலோ) 116! டயரின் அகலம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு நீளவாக்கில்தான் பெருகியாக வேண்டும். நீளம் இரட்டிப்பாக வேண்டுமானால் டயர் அவ்வளவு ஆழமாகச் சப்பை ஆக வேண்டும், பக்கச் சுவர் அவ்வளவு கூர்மையாக மடங்க வேண்டும். இருபது கிலோமீட்டர் கல்லூரிப் பயணத்தில் அது பதினாலாயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது. பட்டன் தேய்வதற்கு முன்னாலேயே பக்கச் சுவர் களைத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

"அப்படின்னா மூணு பேர் போனா?" என்று கேட்கும் மகானுபாவர்களுக்கும் ஒரு கணக்கு. 90/100-10 என்பதை அடுத்து 53 என்று ஓர் எண் இருக்கும். அது பார எண். 53 என்றால் அந்த டயர் சரியான முழு அழுத்தத்தில் தாங்கக்கூடியது அதிகபட்சம் 206 கிலோ என்று பொருள். நாங்கள் இருவர் ஏறியபோது 164. மூன்றாவதாக 62 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் அவர் உட்காரும் இடம் பின் அச்சுக்கும் பின்னால். அவருடைய எடை முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போவதோடு, முன் சக்கரத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். 226-ஐத் தாண்டியாயிற்று. போலீஸ்காரர் பிடிப்பது இருக்கட்டும், டயர் செய்த கம்பெனியே "இதற்கு நான் பொறுப்பில்லை" என்று டயரின் மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது!

காற்றை எப்போது, எப்படிப் பார்ப்பது?

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன். டயர் ஆறியிருக்கும்போது பார்த்த அழுத்தம்தான் ஸ்டிக்கர் சொல்லும் அழுத்தம். சட்டைப் பையில் செருகுகிற பென்சில் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், பங்க் மிஷினின் எண்ணை நம்ப வேண்டியதில்லை. பின் சக்கரத்து வால்வை அடைவது ஸ்கூட்டரில் ஒரு கஷ்டம். சைலன்ஸர் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். குழாய் வாய் வால்வில் நேராக உட்காராமல் "புஸ்ஸ்" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சக்கரத்தை உருட்டி, வால்வு கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பிடியுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காலையில் 28 டிகிரியில் சரியாக 36 வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். மதிய வெயிலில் இருவரும் ஓட்டிக்கொண்டு போனதில் டயருக்குள் காற்று 50 டிகிரிக்குச் சூடேறியது என்று வைத்துக்கொள்வோம். வாயு விதிப்படி (வளிமண்டல அழுத்தம் 14.7-ஐயும், வெப்பநிலையில் 273-ஐயும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள்) அழுத்தம் இப்போது ஏறத்தாழ 40 காட்டும். "நாலு பவுண்டு ஜாஸ்தியா இருக்குண்ணே, எறக்கிடவா?" என்று பங்க்கில் கேட்பார்கள். இறக்கினால், மறுநாள் காலை ஆறிய டயரில் இருப்பது 32 அல்லது 33தான். சூட்டில் ஏறுவது ஏறட்டும், அதற்கும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது.

காலையில் தனியாக, மாலையில் இருவராகப் போகிறவர் என்ன செய்வது? என் அபிப்பிராயத்தில், அன்றைக்குப் பின்சீட்டில் ஆள் உட்காரப் போவது உறுதி என்றால் காலையிலேயே 36 வைத்துவிடலாம். தனியாகப் போகும் அந்தக் கொஞ்ச நேரம் வண்டி குதிக்கும், நடுப் பட்டன் சற்று அதிகம் தேயும், மணலில் பிடிமானம் கொஞ்சம் குறையும்; மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். 29-ல் இருவர் போவதைவிட இது தேவலை. வாரக்கணக்கில் தனியாகவே போகிறவர் 29-க்கு இறக்கிக்கொள்ளட்டும்.

ஆனால் முன் சக்கரத்தைத் தொடாதீர்கள். "ரெண்டு பேர் போறோம், முன்னாடியும் நல்லா கல்லு மாதிரி வச்சிடுங்க" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருப்பது 69 கிலோ. 22-ல் அதன் பதிவு சுமார் 45 சதுர செ.மீ. 35 அடித்தால் 28. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த இடத்தை வைத்துக்கொண்டுதான் மழையில் முன் பிரேக் பிடிக்க வேண்டும்.

பின்னால் காற்றுக் குறைவு என்பதை ஓட்டும்போதே கண்டுபிடிக்கலாம். பின்சீட்டுக்காரர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாலே வண்டியின் பின்பாகம் மெல்ல ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். வளைவில் திருப்பியதும் பின்பாகம் சற்றுத் தாமதமாகத் தொடரும். பள்ளத்தில் விழுந்தால் "ணங்" என்று ரிம் சத்தம் கேட்கும். டியூப் போட்ட பழைய வண்டிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. வால்வு தன் துளையில் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காற்றுப் போதாத டயர் ரிம்மின் மேல் வழுக்கி, டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒருநாள் வால்வின் அடியோடு கிழிந்து, மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

பட்டன் இருக்கிறது, டயர் இல்லை

இனி ரப்பருக்கு வருவோம். 2024 ஜூன் மாதம் என் மாமா தன் ஸ்கூட்டரை எனக்குக் கொடுத்தார். வாங்கிய நாள் முதல் பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்த வண்டி. மற்ற நேரமெல்லாம் வாசலில், மேற்கு வெயிலில். "டயரைப் பாரு, பட்டன் அப்படியே இருக்கு, ஷோரூம்ல வந்த டயர்டா" என்றார் மாமா. பட்டன் உண்மையிலேயே அப்படியே இருந்தது. ஆனால் தினமும் தோழனை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகப் போகிற வண்டி அது. எனவே முழுதாகப் பார்த்தேன். பார்த்த முறையையே சொல்கிறேன், நீங்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினேன். சர்வீஸில் அடிக்கிற கறுப்பு பாலிஷ் வெடிப்புகளை அடைத்து மறைத்துவிடும். பளபளப்பைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. கழுவிக் காய்ந்ததும் கறுப்பு போய், சாம்பல் பூத்த நிறம் வெளியே வந்தது.

அடுத்து பிறந்த தேதி. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று சிறு கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்; சைலன்ஸர் பக்கமும் குனிந்து தேட வேண்டும். மாமா வண்டியில் 2214. அதாவது 2014-ம் வருடம் 22-ம் வாரம், மே மாதக் கடைசி. வயது பத்து முடிந்துவிட்டது.

பெரிய டயர் கம்பெனிகள் சொல்வது, ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்க்க நன்றாகவே இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது. குளிர் நாட்டுக்குப் பத்து என்றால், வாசல் வெயிலில் நிற்கிற நம் ஸ்கூட்டர்களுக்கு ஆறு வருடமே போதும் என்பது என் கணிப்பு.

வயது ஆவதென்றால் ரப்பருக்கு என்னதான் நடக்கிறது? நீண்ட சங்கிலிகளாக இருக்கும் ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வெப்பமும் சேர்ந்து வருடக்கணக்கில் மேலும் மேலும் முடிச்சுகளைப் போடுகின்றன. ரப்பர் இறுகிவிடுகிறது. நகத்தால் பட்டனை அழுத்தினால் நல்ல ரப்பர் உள்வாங்கி உடனே திரும்பும். கிழட்டு ரப்பர் பிளாஸ்டிக் போல நகத்தைத் தள்ளும். ஈரத் தார் ரோட்டில் வழுக்குவது இந்த ரப்பர்தான். இதே இடத்தில் புது டயரை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டால் வித்தியாசம் விரலுக்கே பிடிபடும்.

ஓஸோன் செய்வது வேறு வேலை. இழுபட்டு நிற்கிற ரப்பரை மட்டும்தான் அது வெட்டும். வெடிப்பு இழுவிசைக்குக் குறுக்காக ஓடும். இதைத் தடுப்பதற்காக டயருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருக்கிறார்கள். டயர் ஓடி மடங்கி நிமிரும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து படலம் போடும். ஆக, ஓடாமல் நிற்கிற டயருக்கு அந்தக் கவசம் சரியாகக் கிடைப்பதில்லை. "கம்மியா ஓடின வண்டி, டயர் புதுசு மாதிரி" என்பது எவ்வளவு தப்பான பேச்சு பாருங்கள்! மாமாவின் வண்டி அதே இடத்தில், அதே பக்கம் சப்பையாகி, மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. காற்றும் குறைந்திருக்கும். சப்பையான இடத்தில் பக்கச் சுவர் இழுபட்டபடியே இருக்கும். ஓஸோனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வெறும் வண்டியில் பார்த்தபோது பக்கச் சுவரில் தலைமுடி போன்ற கோடுகள்தான் தெரிந்தன. "இது எல்லா டயர்லயும் இருக்கும்டா" என்றார் மாமா. மேலோட்டமான அந்த மாதிரிக் கோடு இருக்கும்தான். எனவே தோழனை வரச்சொல்லி, இருவரும் ஏறி உட்கார்ந்துகொண்டு, மாமாவை டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். தரையை ஒட்டிப் பிதுங்குகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும். பாரம் ஏறியதும் அந்தக் கோடுகள் வாயைத் திறந்தன. ரிம்மை ஒட்டிய பகுதியில் சில வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தன. பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியிலும் வெடிப்பு. அவர் எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் முதல்ல எறங்குங்க" என்றார். அதற்குமேல் வாதம் இல்லை.

பஞ்சர் கடையில் கழற்றி, டயரை உள்வெளியாக மடக்கிக் காட்டினார் கடைக்காரர். இரண்டு இடத்தில் வெடிப்பின் அடியில் நைலான் நூல் தெரிந்தது. காற்றைத் தாங்குவதே அந்த நூல்தான். ரப்பர் அதற்குப் போர்வை. நூல் தெரிகிறது என்றால் மழைத் தண்ணீர் உள்ளே போகிறது, நூல் ரப்பரைவிட்டுப் பிரியத் தொடங்கும். பிறகு வருவது புடைப்பு. பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆணி, கண்ணாடி கிழித்த வெட்டு தனியாக, ஒரே இடத்தில், ஓரம் கூர்மையாக இருக்கும். வயதான வெடிப்பு கூட்டமாக, டயரைச் சுற்றிலும் பரவியிருக்கும். முதலாவதைக் கடைக்காரர் பார்த்துச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு வைத்தியம் இல்லை.

டியூப்லெஸ் டயர் மாற்றும்போது வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதுவும் ரப்பர்தான், அதற்கும் அதே வயதுதான். விரலால் மெல்ல வளைத்தால் அதன் அடிக்கழுத்தில் வெடிப்பு வட்டமாகத் தெரியும். மாமா வண்டியின் வால்வும் அப்படித்தான் இருந்தது. மாதாமாதம் காற்று இறங்கியதற்கு முக்கால் காரணம் அதுவாக இருந்திருக்கலாம். புது டயர் என்று கடையில் எடுத்துக் கொடுத்ததிலும் நாலு இலக்கத்தைப் பார்த்தே வாங்கினோம். நிழலில் அடுக்கி வைத்த டயர் ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருந்தால் பாதகமில்லை. பழைய டயரில் கத்தியால் பட்டன் வெட்டிப் புதுசு போல விற்பதைத் தொடவே தொடாதீர்கள். மேலே பள்ளம் ஆழமாகும், அடியில் நூலுக்கு மேல் இருக்கிற ரப்பர் அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

கியர் ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உங்கள் ஸ்டெப்னியின் நாலு இலக்கத்தை என்றைக்காவது பார்த்ததுண்டா? எல்.எம்.எல். வெஸ்பாவில் இடது பக்க மூடிக்குள் இருட்டில் கிடக்கிறது. ஓடாமல், மடங்காமல், வருடக்கணக்கில். பட்டனில் வார்ப்பு முடிகூட உதிராமல் இருக்கும், வயதோ பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும். அதில் எப்போதும் 36 வைத்திருங்கள். நடுவழியில் தேவைப்பட்டால் இறக்கிக்கொள்வது சுலபம், ஏற்றுவது முடியாது. ரிம் இரண்டு துண்டாகப் பிரிகிற அந்த வகைச் சக்கரத்தில் டயர் மாற்றும்போது, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுக்க வெளியேறிய பிறகே ரிம்மின் நட்டுகளில் ஸ்பேனரை வையுங்கள். காற்று இருக்கும்போது நட்டைக் கழற்றினால் இரண்டு துண்டும் முகத்தை நோக்கித் தெறிக்கும்.